எதிரெதிர் நிழல்கள்: சிங்கப்பூரிலும் சென்னையிலும் ஒரு கம்பு நட்டுப் பூமியை அளப்பது

சித்திரை முதல் நாள். தோ பாயோவில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு மீட்டர் உயரக் கம்பு, கையில் சாக்குக் கட்டி. மயிலாப்பூரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் அக்கா மகளும் அதே உயரத்தில் ஒரு கம்பு நட்டு வைத்திருந்தாள். மதியம் எனக்கு அழைப்பு வந்தது.

"மாமா, இங்கே நிழல் வடக்கே விழுது. உங்களுக்கு?"

"எனக்குத் தெற்கே."

"அதெப்படி? ஒரே சூரியன்தானே?"

இந்தக் கேள்வியை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும். இந்த முறையை விளக்கும் பாடங்களில் பெரும்பாலும் இரண்டு கோணங்களையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்வார்கள். சிங்கப்பூரில் இருப்பவருக்கு வருடத்தில் சில வாரங்கள் அந்தப் பாடம் பொருந்தாது. அந்த வாரங்களில்தான் சித்திரைப் புத்தாண்டும் வருகிறது.

முதலில் அடிப்படை. ஓர் எலுமிச்சம்பழத்தில் இரண்டு குண்டூசிகளைச் சற்று இடைவெளி விட்டு, இரண்டும் பழத்தின் நடுவை நோக்கி இறங்குமாறு குத்துங்கள். பிறகு பழத்தை வெயிலில் பிடியுங்கள். ஓர் ஊசி சூரியனை நேராகப் பார்க்குமாறு பழத்தைத் திருப்பினால் அந்த ஊசிக்கு நிழலே விழாது. மற்ற ஊசிக்குச் சிறிய நிழல் விழும். இரண்டு ஊசிகளும் வெவ்வேறு பக்கம் சாய்ந்து நிற்பதுதான் காரணம். சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் பூமியின் இரண்டு ஊர்களுக்கும் ஒன்றுக்கொன்று இணையாகவே வந்து சேர்கின்றன. ஆகவே நிழலில் தெரியும் வித்தியாசம் முழுவதும் பூமியின் வளைவால் வருவது. இரண்டு ஊசிகளையும் உள்ளே நீட்டினால் அவை பழத்தின் நடுவில் சந்திக்கும். அங்கே அவற்றுக்கு நடுவே இருக்கும் கோணமும், இரண்டாவது ஊசிக்கும் கதிருக்கும் இடையே இருக்கும் கோணமும் ஒன்றே. இணைகோடுகளை இன்னொரு கோடு வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் செய்ததும் இதைத்தான். அவர் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர். தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், கோடையில் சூரியன் உச்சத்தில் இருக்கும் நாளின் உச்சிவேளையில் நிழல் விழுவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்காக இருந்தது, அதாவது 7.2 டிகிரி. அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் பூமியின் சுற்றளவில் ஐம்பதில் ஒரு பங்கு. தூரத்தை அக்காலக் கிரேக்க நீள அளவில் 5,000 ஸ்டேடியா என்று எடுத்துக்கொண்டு ஐம்பதால் பெருக்கினார், 250,000 ஸ்டேடியா வந்தது.

அவருக்கு ஒரு வசதி இருந்தது. இரண்டு ஊர்களில் ஒன்றில் நிழலே இல்லை. ஆகவே அளக்கவேண்டிய கோணம் ஒன்றே ஒன்றுதான். நமக்கும் அந்த வசதி வேண்டுமென்றால் சூரியன் சென்னைக்கு நேர் மேலே வரும் ஏப்ரல் 24 வாக்கிலோ, சிங்கப்பூருக்கு நேர் மேலே வரும் மார்ச் 24 வாக்கிலோ அளக்கலாம். ஆனால் அந்த ஒரு நாளில் மேகம் வந்துவிட்டால் வேலை கெட்டுவிடும். எந்த நாளிலும் அளக்கலாம் என்பதுதான் இந்த முறையின் அழகு. அதற்கு அன்று சூரியன் எந்த ஊருக்கு நேர் மேலே நிற்கிறது என்று மட்டும் மனத்தில் படம் போட்டுப் பார்க்கத் தெரியவேண்டும்.

ஏப்ரல் 14 அன்று சூரியன் வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 9.3 டிகிரியில் இருக்கிறது. மயிலாப்பூர் 13.03 டிகிரி வடக்கு. தோ பாயோ 1.33 டிகிரி வடக்கு. ஆகவே சூரியன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சென்னையின் உச்சிவேளையில், அங்கிருந்து நேர் தெற்கே போனால், இலங்கையின் கிளிநொச்சிக்கு அருகே அது தலைக்கு நேர் மேலே இருக்கும். மயிலாப்பூரில் நிற்பவளுக்கு அது தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழுகிறது. தோ பாயோவில் நிற்கும் எனக்கு அது வடக்கே சாய்ந்திருப்பதால் நிழல் தெற்கே விழுகிறது. என் கோணம் சிங்கப்பூரின் அட்சரேகையிலிருந்து கிளிநொச்சியின் அட்சரேகை வரை உள்ள வளைவு. அவள் கோணம் கிளிநொச்சியிலிருந்து சென்னை வரை உள்ள வளைவு. ஆகவே முழு வளைவு வேண்டுமென்றால் இரண்டையும் கூட்டவேண்டும்.

ஜூன் மாதத்தில் கதை வேறு. அப்போது சூரியன் 23.4 டிகிரி வடக்கே போய்விடுவதால் இரண்டு ஊர்களுக்குமே வடக்கில் இருக்கும், இரண்டு நிழல்களும் தெற்கே விழும். அப்போது பெரிய கோணத்திலிருந்து சிறிய கோணத்தைக் கழிக்கவேண்டும். டிசம்பரிலும் அப்படித்தான், ஆனால் இரண்டு நிழல்களும் வடக்கே விழும். நிழல்கள் ஒரே திசையில் விழுந்தால் கழிக்கவேண்டும், எதிரெதிரே விழுந்தால் கூட்டவேண்டும். எனவே நீளத்தைக் குறிக்கும்போதே திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் எந்தப் பக்கம் விழுந்தது என்பது மறந்துபோயிருக்கும். சித்திரை முதல் நாள் அளவுகளைத் தவறிப்போய்க் கழித்துவிட்டால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 110,000 கிலோமீட்டர் என்று வரும். அது உண்மையைப்போல் இரண்டே முக்கால் மடங்கு.

அப்புறம் நேரம். உச்சிவேளை என்றால் கடிகாரத்தில் 12 மணி என்று நினைத்துக்கொண்டு அளப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நமக்கு வேண்டியது சூரியன் அந்த ஊரில் மிக உயரத்தில் இருக்கும் நொடி, அதாவது நிழல் சரியாக வடக்கு தெற்காக விழும் நொடி. சிங்கப்பூரில் ஏப்ரல் 14 அன்று அது பிற்பகல் 1.05 வாக்கில் வருகிறது. தீர்க்கரேகைப்படி நாம் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே முந்தி இருக்கிறோம். ஆனால் 1982-ம் ஆண்டு தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி எட்டு மணி நேரமாக்கிவிட்டோம். அதனால்தான் நம் வெயில் ஒரு மணி நேரம் பிந்தி உச்சிக்கு வருகிறது. சென்னையில் இந்த வித்தியாசம் சிறியது, அங்கே அன்று உச்சிவேளை பிற்பகல் 12.09.

இந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே இருப்பதால் நிழல் குட்டையாக இருக்கிறது, ஆனால் அதன் நுனி வேகமாக நகர்கிறது. ஒரு மீட்டர் கம்பில் நிமிடத்துக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் கிழக்கே ஓடும். மயிலாப்பூரில் 12.09-க்கு 6.5 சென்டிமீட்டராக இருக்கவேண்டிய நிழல், சரியாக 12 மணிக்கு அளந்தால் 7.5 சென்டிமீட்டர் இருக்கும். இங்கே 12 மணிக்கு அளந்தால் இன்னும் மோசம். 14 சென்டிமீட்டருக்குப் பதிலாக 32 சென்டிமீட்டர் வரும்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே நாள் என்பதை ஒரே நொடி என்று எடுத்துக்கொண்டு, "நான் சொல்லும்போது நீயும் அளந்துகொள்" என்று தொலைபேசியில் பேசிக்கொண்டே அளக்கிறார்கள். எனக்கு 1.05 ஆகும்போது சென்னையில் காலை 10.35 தான். அங்கே நிழல் அப்போது 40 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமாக, மேற்கே விழுந்துகொண்டிருக்கும். அவரவர் ஊரின் உச்சிவேளைக்கு அவரவர் அளக்கவேண்டும். என் அளவுக்கும் அவள் அளவுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் இருக்கும், பரவாயில்லை. அந்த நேரத்தில் சூரியன் வடக்கே நகர்வது ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் தள்ளிப்போனால் ஏப்ரலில் அது 0.36 டிகிரி நகர்ந்துவிடும், விடையில் மூன்று விழுக்காடு பிழை நுழைந்துவிடும். "அதே நாள்" என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உச்சிவேளையைக் கடிகாரத்தை நம்பாமல் நிழலைக்கொண்டே பிடிக்க முடியும். எதிர்பார்க்கும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலிருந்து இருபது நிமிடம் பின்னால் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் மேற்கிலிருந்து கிழக்காகப் போகும் ஒரு கோடு கிடைக்கும். அன்று அது கிட்டத்தட்ட நேர்கோடு. கம்பின் அடியிலிருந்து அந்தக் கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் எதுவோ அதுதான் உச்சிவேளை நிழல். சரியான நொடியில் ஒரு மேகம் வந்து மறைத்தாலும் கவலையில்லை, இரண்டு பக்கமும் உள்ள புள்ளிகள் காப்பாற்றிவிடும். ஏப்ரல் மாத மதியத்தில் இங்கே வெயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது.

அடுத்தது தூரம். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே நேர்த் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அதைக் கணக்கில் போட்டால் தவறு. நாம் உச்சிவேளையில் அளக்கும் கோணம் வடக்கு தெற்கு வளைவை மட்டுமே சொல்கிறது. சென்னை நமக்கு வடக்கே மட்டும் இல்லை, வெகுதூரம் மேற்கேயும் இருக்கிறது. ஆகவே வேண்டியது, சென்னையிலிருந்து நேர் தெற்கே இறங்கி சிங்கப்பூரின் அட்சரேகையைத் தொடும் வரை உள்ள தூரம். வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். பருத்தித்துறைக்குப் பக்கத்தில் இலங்கைக்குள் நுழைந்து, தீவின் நீளத்துக்கு ஓடி, தெற்கே காலிக்கு அருகில் வெளியேறி, இந்தியப் பெருங்கடலில் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் முடியும். நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்.

இனி கணக்கு. முதல் வருடம் எனக்குக் கிடைத்தது 13.5 சென்டிமீட்டர், தெற்கே. அவளுக்கு 6.0 சென்டிமீட்டர், வடக்கே. நிழலைக் கம்பின் உயரத்தால் வகுத்து, கைபேசிக் கணிப்பானில் `tan⁻¹` பொத்தானை அழுத்தினால் கோணம் வந்துவிடும். கணிப்பான் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் 7.69 வரவேண்டிய இடத்தில் 0.134 என்று காட்டும்.

```
சிங்கப்பூர்:  tan⁻¹(13.5 ÷ 100) = 7.69°
சென்னை:      tan⁻¹(6.0 ÷ 100)  = 3.43°
கூட்டல்:      11.12°
சுற்றளவு:     1300 × 360 ÷ 11.12 = 42,086 கி.மீ.
```

துருவங்கள் வழியாகச் சுற்றி வரும் உண்மையான சுற்றளவு 40,008 கிலோமீட்டர். ஐந்து விழுக்காட்டுப் பிழை. இரண்டு கம்புகளுக்கு இது மோசமில்லை என்று அக்கா சொன்னார். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. அளவில் கைத்தவறு இருந்தால் ஒன்று கூடியும் மற்றது குறைந்தும் இருக்கலாம். இங்கே இரண்டு நிழல்களுமே குறைவாக இருந்தன, அதுவும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு, அரை சென்டிமீட்டர். இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே மாதிரித் தவறினால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கவேண்டும்.

காரணம் சூரியனின் அகலம். வானத்தில் அது ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. கம்பின் நிழல் முடியும் இடத்தை உற்றுப் பாருங்கள். கூர்மையான ஓரமே இருக்காது. கருமையான பகுதி முடிந்து, மெல்ல மெல்ல வெளுத்து, வெயிலில் கரைந்துபோகும் ஒரு மங்கல் பட்டை இருக்கும். ஒரு மீட்டர் கம்பில் அந்தப் பட்டை 9 மில்லிமீட்டர் அகலம். அதன் நடுப்புள்ளிதான் சூரியனின் நடுவிலிருந்து வரும் கதிரைக் காட்டுகிறது. ஆனால் நம் கண் தானாகவே கருமை முடியும் இடத்தில் போய் நிற்கிறது. அது சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வரும் கதிர். ஆக ஒவ்வொரு நிழலையும் நாலரை மில்லிமீட்டர் குறைத்தே படித்திருக்கிறோம். கோணத்தில் அது கால் டிகிரிக்குச் சற்றுக் கூடுதல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இதே தவறை ஜூன் மாதத்தில் செய்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அப்போது இரண்டு நிழல்களும் ஒரே திசையில் விழும். என் கோணமும் கால் டிகிரி குறையும், அவள் கோணமும் கால் டிகிரி குறையும், கழிக்கும்போது பிழை அடிபட்டுப் போய்விடும். சித்திரையில் கூட்டுகிறோம். ஆகவே பிழையும் கூடி இரட்டிப்பாகி, அரை டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. மொத்தக் கோணமே பதினொன்று சொச்சம் டிகிரி என்னும்போது அரை டிகிரி என்றால் நாலு ஐந்து விழுக்காடு. எங்கள் பிழையின் அளவு அப்படியே அதுதான்.

கம்பை இரண்டு மீட்டராக்கினால் சரியாகுமா என்று அக்கா மகள் கேட்டாள். ஆகாது. நிழல் இரட்டிப்பாகும்போது மங்கல் பட்டையும் 18 மில்லிமீட்டராக இரட்டிப்பாகும், கோணத்தில் பிழை அதேதான். உயரமான கம்பு அளவுகோலை வாசிக்கும்போது வரும் சிறு தவறுகளைக் குறைக்கும், சூரியனின் அகலத்தை ஒன்றும் செய்யாது.

மறு வருடம் கம்பையே விட்டுவிட்டோம். ஒரு கெட்டி அட்டையில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்டு, அதை மேசை விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்குமாறு, துளை தரையிலிருந்து சரியாக 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒட்டினோம். அட்டையின் நிழலுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டமான ஒளிப்பொட்டு விழும். அது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் உருவம். துளையைச் சதுரமாக வெட்டினாலும் பொட்டு ஏறத்தாழ வட்டமாகவே விழும் என்பதிலிருந்து இதைத் தெரிந்துகொள்ளலாம். வட்டத்தின் நடுவைக் கண்ணால் மதிப்பிடுவது மங்கல் ஓரத்தைப் பிடிப்பதைவிட மிக எளிது, இரண்டு பேர் தனித்தனியே குறித்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகும்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் கிடைத்தது. முதல் வருடம் நான் கம்பை மூலைமட்டம் வைத்துத் தரைக்குச் செங்குத்தாக நிறுத்தியிருந்தேன். கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் பார்க்கத் தட்டையாகத்தான் தெரியும், ஆனால் மழைநீர் ஓடுவதற்குக் கொஞ்சம் வாட்டம் கொடுத்தே தளம் போடுவார்கள். மொட்டை மாடியிலும் கொத்தனார் அதையேதான் செய்திருப்பார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் அந்தத் தரைக்குச் செங்குத்தான கம்பின் தலை ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும், நிழலின் நுனியும் அதே அளவு தள்ளிப்போகும். அது அரை டிகிரிக்கு மேல். என் நல்ல நேரம், நான் நின்ற இடத்தில் வாட்டம் கிழக்கு மேற்காக இருந்தது, அதனால் வடக்கு தெற்கு அளவு கெடவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. துளையிட்ட அட்டையில் இந்தக் கவலையே இல்லை. துளையிலிருந்து ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அது அசையாமல் நின்றதும் தரையில் படும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். அந்தப் புள்ளியிலிருந்து ஒளிப்பொட்டின் நடு வரை அளக்கவேண்டும். தொங்கும் நூல் பூமியின் நடுவை நோக்கியே நிற்கும், தரை எப்படிச் சாய்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. தரை வாட்டத்தால் ஒளிப்பொட்டு விழும் இடம் கொஞ்சம் மாறும், ஆனால் சூரியன் இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது அது ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது.

மறு வருடம் எனக்கு 13.9, அவளுக்கு 6.4. கோணங்கள் 7.91 டிகிரியும் 3.66 டிகிரியும். கூட்டினால் 11.57. சுற்றளவு 40,449 கிலோமீட்டர். பிழை ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதற்குக் கீழே போகவேண்டுமென்றால் மில்லிமீட்டரையும் பிரித்து அளக்கவேண்டும். இரண்டு ஊர்களிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை ஒரு விழுக்காடு மாறிவிடும்.

அந்த 1,300 கிலோமீட்டரைப் பற்றியும் நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். அதை நான் கைபேசி வரைபடத்திலிருந்து எடுத்தேன். வரைபடம் அந்தத் தூரத்தை எப்படிச் சொல்கிறது? பூமியின் அளவு அதற்கு முன்பே தெரியும், அதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஆகவே எங்கள் அளவீட்டில் எங்களுடையது கோணம் மட்டும், தூரம் கடன் வாங்கியது. கடன் வாங்காமல் செய்யவேண்டுமென்றால் யாராவது தரையில் அளந்தாகவேண்டும்.

அப்படி அளந்தவர்கள் உண்டு, அதுவும் சென்னையிலிருந்தே. 1802-ல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிப்படைக் கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டே நாடு முழுவதும் போனார்கள். முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும், ஒவ்வொரு மைலையும் சங்கிலியால் அளக்கவேண்டியதில்லை. வடக்கு தெற்காக ஒரு நீண்ட கோட்டின் தூரம் அப்படிக் கிடைத்தது. நாங்கள் நிழலை வைத்துப் பார்த்த கோணத்தை அவர்கள் தலைக்கு மேல் கடந்துபோகும் நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தார்கள். நட்சத்திரம் புள்ளியாகவே தெரிவதால் மங்கல் ஓரம் என்ற தொல்லையே இல்லை. கருவிகள் மட்டும் மிகப் பெரியவை. கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிப் பழுதாகிவிட்டது. லாம்டன் அதைத் தானே பிரித்துச் சரிசெய்தார்.

கடைசியாக, அக்கா மகள் இரண்டாம் வருடம் கேட்ட கேள்வி. "மாமா, பூமி தட்டையாக இருந்து, சூரியன் பக்கத்திலேயே இருந்தாலும் நிழல் இப்படித்தானே விழும்?"

விழும். ஒரு தட்டையான மேசையின் மேல் விளக்கைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பென்சில்களை நிறுத்தினால் நிழல்கள் எதிரெதிரேதான் விழும். எங்கள் அளவுகளை அப்படி எடுத்துக்கொண்டால் சூரியன் ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் உயரத்தில் தொங்குகிறது என்று வரும். இரண்டு இடங்களின் நிழலை மட்டும் வைத்து இந்த இரண்டு விளக்கங்களில் எது சரி என்று சொல்லவே முடியாது. எரடோஸ்தனிஸும் பூமி உருண்டை, சூரியன் வெகு தொலைவு என்று ஏற்றுக்கொண்டுதான் கணக்குப் போட்டார். அவர் கண்டுபிடித்தது பூமியின் அளவு, வடிவம் இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்றாவது ஓர் ஊர் வேண்டும், அதுவும் தொலைவில். லண்டனில் எங்கள் பெரியம்மா மகன் இருக்கிறார். லண்டன் 51.5 டிகிரி வடக்கு. தட்டைப் பூமியின் மேல் 6,400 கிலோமீட்டரில் சூரியன் தொங்கினால் அங்கே ஒரு மீட்டர் கம்புக்குச் சித்திரை முதல் நாள் உச்சிவேளையில் நிழல் 73 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். உருண்டைப் பூமி என்றால் 90 சென்டிமீட்டர். பதினேழு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குத் துளையும் வேண்டாம், தூக்குக் குண்டும் வேண்டாம், ஒரு துடைப்பக் கட்டையும் அளவு நாடாவும் போதும். அண்ணன் அன்று லண்டன் நேரம் பிற்பகல் ஒரு மணிக்குத் தோட்டத்தில் அளந்து படம் பிடித்து அனுப்பினார். நாடா 89-ல் நின்றது.